ஏழாவது வரியில் இருந்தது வேலை

ஒரு வேலை விளம்பரத்தை யார் எழுதுகிறார்கள் என்று என் அண்ணி ஒருநாள் கேட்டார். நல்ல கேள்வி. நான் எச்ஆரில் வேலை பார்ப்பவன், மாதத்துக்கு ஒன்றிரண்டாவது எழுதிப் போடுகிறவன், அதனால் உண்மையைச் சொன்னேன்: யாரும் எழுதுவதில்லை, ஒட்டுகிறோம். ஆள் தேவைப்படும் மேனேஜர், போன தடவை இதே வேலைக்குப் போட்ட பழைய விளம்பரத்தை மெயிலில் தேடி எடுத்து அனுப்புவார். அதற்கு முந்தைய மேனேஜரும் அதைத்தான் செய்திருப்பார். நான் அதன் தலையில் நிறுவனத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தையும் அடியில் 'இதர பணிகள்' என்ற வரியையும் சேர்ப்பேன். இதற்கு நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில், இந்தத் தடவை மட்டும் தேவைப்படுகிற ஒரு விஷயத்தை மேனேஜர் தன் கையால் தட்டிச் சேர்த்திருப்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் ஆள் தேடுகிறோம். மற்றதெல்லாம் சும்மா நிற்கிறது.

அண்ணி பேரோல் ஆள். துப்புரவுச் சேவை நிறுவனம் ஒன்றில் பல வருடம் சம்பளம் போட்டவர். நிறுவனம் அந்த வேலையை வெளிநாட்டு மையத்துக்கு மாற்றியது, ஆட்குறைப்பு நடந்தது, கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்பினார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தார். ஈசூனிலிருந்து ரயிலில் போகும்போது, மார்க்கெட்டில் வரிசையில் நிற்கும்போது, ராத்திரி அண்ணன் பஸ் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை காத்திருக்கும்போது, 'பேரோல்' என்று தேடி, மேலோட்டமாகப் பார்த்து, ஏற்கெனவே ஏற்றி வைத்த ரெஸ்யூமேயை அனுப்பிவிடுவார். பதிலே வராது. மறுத்து ஒரு வரி வந்தால்கூட அன்றைக்கு நல்ல நாள் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்.

"வயசு ஆயிடுச்சு தம்பி, அதான். நாப்பத்தேழுன்னா யாரு எடுப்பா?" என்றார். வயதும் ஒரு காரணமாக இருக்கலாம், இல்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவர் விண்ணப்பித்த விளம்பரங்களைக் காட்டச் சொன்னேன். ஈசூனில் அவர்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையில் ஆளுக்கொரு தே ஓ வாங்கி வைத்துக்கொண்டு, அவருடைய போனிலேயே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். வயதுக்கு வருமுன்னே வேறு சில விஷயங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது, அதில் கணிசமானவை ஏஜென்சி போட்டவை. ஏஜென்சி மூலம் வேலைக்குப் போவதில் தப்பில்லை, எங்கள் ஆபீஸிலேயே பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். இங்கே சிங்கப்பூரில் சட்டப்படி ஏஜென்சி விளம்பரத்தில் அவர்களுடைய உரிம எண் இருக்க வேண்டும், அதைக் கையாளும் ஊழியரின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்குவது அது. அண்ணி அந்த எண்ணை ஒருபோதும் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். வேறு வேறு தலைப்பில், வேறு வேறு வாரத்தில் வந்த மூன்று விளம்பரத்தில் ஒரே ஆர் எண். வேலை விவரம் அச்சு அசல் ஒன்றே, முதலாளி யார் என்பதற்குக் 'கிழக்கில் உள்ள பன்னாட்டு நிறுவனம்' என்பதைத் தவிர வேறு தடயம் இல்லை. ஒரே வேலையைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்களா, இல்லை பின்னால் தேவைப்படும் என்று ரெஸ்யூமே சேர்க்கிறார்களா, வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் இப்படிப்பட்ட விளம்பரத்துக்கு அனுப்புவதைவிட, அந்தப் பதிவு எண்ணுக்கு உரியவருக்கே ஃபோன் போட்டு, "இந்த வேலைக்கு இப்போ நேர்காணல் நடக்குதா?" என்று கேட்பது புத்திசாலித்தனம். அண்ணி கேட்டார். எதிர்முனையில் இருந்த பெண், "அது முடிஞ்சுபோச்சு, ஆனா உங்க விவரத்தை வெச்சிருக்கேன்" என்றாள். ஒரு நிமிஷத்தில் முடிந்த விஷயம்.

இரண்டாவது, சம்பளம். அரசாங்க வேலைத் தளமான மைகேரியர்ஸ்ஃபியூச்சரில் சம்பள வரம்பு கண்ணுக்குத் தெரியும். அண்ணி அதில் மேல் எண்ணை மட்டும் பார்ப்பார், எல்லாரும் அப்படித்தான். நான் கீழ் எண்ணைப் பதவிப் பெயரோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். 'எச்ஆர் மேனேஜர், 3,500 வெள்ளியிலிருந்து' என்று ஒன்று இருந்தது. பேர்தான் மேனேஜர், சம்பளம் எக்ஸிகியூட்டிவுக்கு உரியது. கீழே படித்துக்கொண்டே போனால் 'தனித்து இயங்கக்கூடியவர்' என்று வருகிறது. அதாவது எச்ஆரில் அந்த ஒருவர்தான் இருப்பார், ஆள் எடுப்பது முதல் ஸ்டாப்ளர் வாங்குவது வரை எல்லாம் அவர் தலையில். இதைத் தெரிந்துகொண்டு போனால் சரி. தெரியாமல் விண்ணப்பித்து, ரெஸ்யூமேயில் பேரோல் மட்டும் இருந்தால், அவர்கள் ஏன் கூப்பிடப் போகிறார்கள்?

மூன்றாவது கொஞ்சம் சிக்கலானது, அண்ணிக்குக் கோபம் வந்த இடமும் அதுதான். எம்பிளாய்மென்ட் பாஸிலோ எஸ் பாஸிலோ வெளிநாட்டு ஆள் எடுக்க நினைக்கும் நிறுவனங்கள், சில விதிவிலக்குகள் தவிர, முதலில் அந்த வேலையை மைகேரியர்ஸ்ஃபியூச்சரில் குறைந்தது 14 நாள் விளம்பரப்படுத்த வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து கொஞ்ச காலம் அது 28 நாளாக இருந்தது, 2022 செப்டம்பரில் மறுபடியும் 14 ஆக்கினார்கள். "அப்போ பாதி விளம்பரம் சும்மா கணக்குக்குப் போட்டதா?" என்று பாய்ந்தார். பாதி என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. விண்ணப்பிப்பவர்களை நியாயமாகப் பரிசீலிக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விளம்பரத்தில் பேரோல் வேலைக்கு, வேறொரு நாட்டின் தொழிலாளர் சட்டத்தில் ஐந்து வருட அனுபவமும் அதிகம் கேள்விப்படாத ஒரு மென்பொருளும் இரண்டு குறிப்பிட்ட மொழியும் ஒன்றாகக் கேட்டிருந்தார்கள். யாரோ ஒருவருடைய ரெஸ்யூமேயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போல இருந்தது. அந்த ஒருவர் உள்ளேயே இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம், அல்லது நிஜமாகவே அந்த வேலைக்கு அதெல்லாம் தேவைப்படலாம். எதுவாக இருந்தாலும் அண்ணிக்கு அங்கே இடம் குறைவு. சந்தேகப்பட்டு மனதைக் கெடுத்துக்கொள்வதைவிடத் தாண்டிப் போவது மேல்.

இப்படித் தள்ளித் தள்ளிக் கடைசியில் மிஞ்சியவை கொஞ்சம்தான். அதில் ஒன்றைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

செனோக்கோவில் மத்திய சமையற்கூடம் வைத்திருக்கும் ஓர் உணவக நிறுவனம், பேர் வேண்டாம். பேரோல் எக்ஸிகியூட்டிவ், 12 மாத ஒப்பந்தம், பிறகு நிரந்தரமாக்க வாய்ப்பு உண்டு, 3,600 முதல் 4,500 வெள்ளி. போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அண்ணி முதலில் இதை ஒப்பந்த வேலை என்றதும் ஒதுக்கியிருந்தார், மேண்டரின் என்ற சொல்லைப் பார்த்ததும் இரண்டாவது தடவையும் ஒதுக்கினார்.

வேலை விவரத்தில் எட்டு வரி. முதல் வரி: சுமார் 400 பேருக்கு முழுப் பேரோல், மாதச் சம்பளக்காரர்களும் மணிக்கணக்குச் சம்பளக்காரர்களும், கிளைகளும் சமையற்கூடமும் சேர்த்து. இரண்டாவது: மத்திய சேம நிதியான சிபிஎஃப், வரிப் படிவங்களான ஐஆர்8ஏ, ஐஆர்21 சமர்ப்பிப்பது. அப்புறம் லீவு, கிளெய்ம், வேலை அனுமதிச் சீட்டு புதுப்பிப்பது. ஐந்தாவது: சேருகிறவர்கள், விலகுகிறவர்கள், மாத நடுவில் தரும் சம்பளம். ஆறாவது ஏதோ பொதுவான எச்ஆர் உதவி. ஏழாவது: கிளைகளின் நேர அட்டையைச் சரிபார்ப்பது, சம்பள வேறுபாடுகளைத் தீர்ப்பது, புதிய பேரோல் சிஸ்டத்துக்கு மாறும்போது பழையதையும் புதியதையும் ஒன்றாக ஓட்டிப் பார்ப்பதில் உதவுவது. எட்டாவது, நான் சொன்னேனே, இதர பணிகள்.

"இதுல எது மேனேஜர் கையால சேர்த்தது?" என்று கேட்டேன்.

அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏழு. மத்ததெல்லாம் நான் பார்த்த எல்லா விளம்பரத்திலயும் இருக்கு" என்றார்.

சரிதான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் திரும்பப் படித்தால் கதையே மாறுகிறது. 12 மாதம் ஏன் என்பது புரிகிறது: சிஸ்டம் மாற்றும் வேலை முடிய அவ்வளவு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பழைய சிஸ்டத்தில் ஒரு தடவை, புதியதில் ஒரு தடவை, 400 பேருக்கும் சம்பளம் போட்டு, காசு வித்தியாசம் வரும் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். இருக்கிற ஆள் மாதாந்திர வேலையையே முடிக்கத் திணறிக்கொண்டிருப்பார். அதைத்தான் 'சம்பள வேறுபாடுகளைத் தீர்ப்பது' என்ற நாசூக்கான வார்த்தை சொல்கிறது. ஊழியர்கள் 'என் சம்பளம் குறையுது' என்று வந்து நிற்கிறார்கள், தீர்க்க ஆளில்லை.

ஐந்தாவது வரியும் இப்போது வேறு மாதிரி ஒலித்தது. சாதாரணமாக நோட்டீஸ் கொடுத்து விலகும் ஊழியருக்கு வேலை நியமனச் சட்டப்படி கடைசி நாளன்றே கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கொடுக்காமல் நின்றுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஏழு நாளுக்குள். உணவகத்தில் பகுதிநேர ஆள்கள் எப்போது வருவார்கள் எப்போது நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதனால் மாதம் முழுக்கச் சின்னச் சின்னச் சம்பளம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஐஆர்21 என்று தனியாகப் போட்டிருப்பதும் அதோடு சேர்ந்ததுதான். சிங்கப்பூர்க் குடிமகன் அல்லாத ஊழியர் வேலையை விடும்போது, குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே வரி அலுவலகத்துக்கு அந்தப் படிவம் போக வேண்டும், அவருக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். வெளிநாட்டு ஊழியர்கள் அடிக்கடி மாறும் இடத்தில் இது தினசரித் தலைவலி.

"தம்பி, இதெல்லாம் நான் பண்ணினதுதானே" என்றார் அண்ணி, ஏதோ திருட்டைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

அவருடைய ரெஸ்யூமேயைத் திறந்தோம். அதில் இருந்தது: பேரோல், சிபிஎஃப், ஐஆர்8ஏ கையாண்டேன், குழுவோடு இணைந்து வேலை செய்வேன், மைக்ரோசாஃப்ட் எக்செல் தெரியும். விண்ணப்பித்த எல்லாரும் இதையே எழுதியிருப்பார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு விளம்பரத்துக்கு இப்படிப்பட்ட ரெஸ்யூமே குவியும்போது நான் செய்வது இதுதான்: அந்த ஏழாவது வரியைச் சேர்ந்த ஒரு சொல்லாவது முதல் அரைப் பக்கத்தில் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியாவிட்டால் அடுத்தது. கொடுமைதான், ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிக்க வேண்டிய வேலை அது.

நான் கேட்டேன், துப்புரவு நிறுவனத்தில் ஒரு ஆள் ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பது உண்டா? "ஏன் இல்ல? காலையில ஒரு மால், சாயங்காலம் ஒரு ஸ்கூல். அதுல எவ்ளோ சண்டை தெரியுமா" என்று ஆரம்பித்தார். அந்தச் சண்டையைக் கேட்கக் கேட்க, உணவகத்தின் ஏழாவது வரிக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது என்று தோன்றியது. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

55 வயதும் அதற்குக் குறைந்தவருமான சிங்கப்பூரர் ஒருவர் பகுதிநேரமாக வேலை பார்க்கிறார் என்று வையுங்கள். மாத மொத்தச் சம்பளம் 500 வெள்ளியும் அதற்குள்ளும் இருந்தால் அவர் பங்குக்கு சிபிஎஃப் பிடிக்கக் கூடாது, முதலாளி பங்கு மட்டும் போகும். 500-ஐத் தாண்டி 750 வரை, 500-க்கு மேல் உள்ள தொகையில் 60 சதவீதம் ஊழியர் பங்கு. அதற்கு மேலே போனால்தான் வழக்கமான 20 சதவீதம். இப்போது அவர் ஒரு கிளையில் 300 வெள்ளியும் இன்னொரு கிளையில் 260 வெள்ளியும் சம்பாதித்திருக்கிறார். இரண்டும் ஒரே நிறுவனம் என்றால் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்: 560. 500-க்கு மேல் 60 வெள்ளி, அதில் 60 சதவீதம், ஆகவே ஊழியர் பங்கு 36 வெள்ளி.

சிஸ்டத்தில் கிளைக்கு ஒரு ஊழியர் எண் என்று போட்டிருந்தால், அது இரண்டு தனி ஆளாக நினைத்துக்கொள்ளும். 300-க்கு ஒன்றும் இல்லை, 260-க்கும் ஒன்றும் இல்லை, ஊழியர் பங்கு பூஜ்யம். நிறுவனம் 36 வெள்ளி குறைவாகக் கட்டிவிடும். இதற்கு நேர்மாறாக, யாராவது எல்லாருக்கும் 20 சதவீதம் என்று போட்டுவிட்டால் அதே ஆளிடமிருந்து 112 வெள்ளி பிடித்துவிடும். மாதம் 560 சம்பாதிக்கிறவருக்கு 112 என்பது சின்னத் தொகை இல்லை. கவுன்டரில் வந்து நின்று சத்தம் போடத்தான் செய்வார். அண்ணி இரண்டு வகையையும் பார்த்திருக்கிறார். அதற்காக அடையாள அட்டை எண்ணை வைத்து வரிசைப்படுத்தி, ஒரே எண் இரண்டு தடவை வரும் பெயர்களை எக்செலில் நிறம் போட்டுப் பிரித்து, மாதம் முடிவதற்கு முன்பே சேர்த்துவிடுவாராம். இன்னொரு பட்டியல், அந்த மாதம் 55-ஐத் தாண்டியவர்களுக்கு. விகிதம் பிறந்தநாளுக்கு அடுத்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து மாறுவதால், மறந்துவிட்டால் அங்கேயும் வேறுபாடு.

இதில் ஒரு வரிகூட ரெஸ்யூமேயில் இல்லை. "இதைப் போய் எழுதுவாங்களா, இது வேலைதானே" என்றார்.

மேண்டரின் விஷயத்துக்கு வருவோம். வேலைக்குத் தேவையான மொழியைக் கேட்கும் முதலாளி, அது ஏன் தேவை என்பதைச் சொல்ல வேண்டும் என்பது இங்கே நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு வழிகாட்டி. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்திலும் மொழித்திறன் பாதுகாக்கப்பட்ட அம்சங்களில் ஒன்று. காரணமே சொல்லாமல் 'மேண்டரின் பேசுபவர்' என்று மட்டும் போட்டிருந்தால் அது ஒரு வகை. இந்த விளம்பரம் காரணம் சொல்லியிருந்தது: மேண்டரின் மட்டும் பேசும் சமையற்கூட ஊழியர்களுக்குச் சம்பள விவரம் விளக்குவதற்கு. அதுவும் 'இருந்தால் கூடுதல் நலம்' என்ற பகுதியில். கட்டாயத்தில் இல்லை. அண்ணி பயத்தில் எங்கே போட்டிருக்கிறது என்பதையே பார்க்கவில்லை. காரணம் எழுதியிருப்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு, அந்த வேலை எப்படியாவது நடந்தால் போதும் என்பது தெரிந்துவிடுகிறது. பழைய வேலையில் வயதான சீன ஆன்ட்டிகளுக்காக அவர் சூப்பர்வைசர் உதவியோடு மாதிரிச் சம்பளச் சீட்டு ஒன்றை மேண்டரினிலும் மலாயிலும் தமிழிலும் குறிப்பு எழுதி ஒட்டி வைத்திருந்தார், படத்தில் எந்தக் கட்டம் எதைக் காட்டுகிறது என்று அம்புக்குறியோடு. அதுவும் ரெஸ்யூமேயில் போனது. மேண்டரின் தெரியும் என்று பொய் சொல்லவில்லை. பேச வராது என்றே எழுதினார்.

புதுசாக எழுதிய மேல் பகுதியில் மூன்று வாக்கியம்தான். பல இடங்களில் சிதறிக் கிடந்த மணிக்கணக்கு ஊழியர்களுக்குச் சம்பளம் போட்டது, ஒரே ஆள் இரண்டு இடத்தில் வேலை பார்க்கும்போது சிபிஎஃப் பிழை வராமல் மாதாமாதம் சரிபார்த்த முறை, பழைய நிறுவனம் வெளிநாட்டு மையத்துக்குப் பேரோலை மாற்றியபோது இரண்டு பக்கத்துக் கணக்கையும் ஒப்பிட்டு ஒப்படைத்தது. இந்த மூன்றாவதைச் சேர்க்க அவருக்கு மனமே இல்லை. தன் வேலையைப் பறித்த காரியத்தைத் தன் சாதனையாக எழுதுவதா என்று முகம் சுருங்கியது. ஆனால் ஏழாவது வரி கேட்பது அதைத்தான். இரண்டு சிஸ்டத்தை ஒன்றாக ஓட்டி ஒப்பிட்ட அனுபவம் அவருக்கு அங்கேதான் கிடைத்தது. கொஞ்ச நேரம் தே ஓ கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார், அப்புறம், "போடு" என்றார்.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். இப்படிப் படித்து அனுப்பிய மற்ற சிலவற்றுக்குப் பதில் வரவில்லை. ஒரு விளம்பரத்தைத் திறமையாகப் படித்தாலும், உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரா, யாராவது தெரிந்தவரைப் பரிந்துரைத்துவிட்டார்களா, பட்ஜெட் நிறுத்தப்பட்டதா என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் எழுதியிருக்காது. நானே விளம்பரம் போட்டு நாலாவது நாள் ஆளெடுப்பு நின்றுபோய், அதை எடுக்க மறந்து வாரக்கணக்கில் விட்டிருக்கிறேன். ஒரு விளம்பரத்துக்கு முக்கால் மணி நேரம் செலவு செய்தால் நாளுக்கு இரண்டுதான் அனுப்ப முடியும், அதுவும் ஓர் இழப்புதான். அதனால் அண்ணி பின்னால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்: முதலில் எந்த வரி புதுசு என்று மட்டும் தேடுவார், அது கிடைக்காவிட்டாலோ அதற்குத் தன்னிடம் பதில் இல்லாவிட்டாலோ மூடிவிடுவார்.

செனோக்கோவிலிருந்து அழைப்பு வந்தது. எச்ஆர் ஆளும் நிதி மேனேஜரும் இருந்தார்களாம். வணக்கம் சொல்லி உட்கார்ந்ததும் நிதி மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, இரண்டு கிளையில் வேலை பார்த்த பகுதிநேர ஊழியருக்கு எப்படிக் கணக்குப் போடுவீர்கள் என்பது. அண்ணி காகிதம் வாங்கி 300, 260 என்று எழுதிக் காட்டியிருக்கிறார். அவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, தங்கள் பழைய சிஸ்டத்தில் கிளைக்கு ஒரு எண் இருப்பதாக ஒப்புக்கொண்டாராம். பிறகு பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். மேண்டரின் பேச்சு வந்தது, மாதிரிச் சீட்டைக் காட்டினார், சமையற்கூட சூப்பர்வைசருக்கு மேண்டரின் தெரியும் என்பதால் அது பெரிய விஷயமாகவில்லை. வயதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

4,100 வெள்ளிக்கு வேலைக் கடிதம் அனுப்பினார்கள். அண்ணன் அன்றைக்கே கையெழுத்துப் போடச் சொன்னார். அண்ணி போடவில்லை, எனக்கு ஃபோன் பண்ணினார். விளம்பரத்தில் 'நிரந்தரமாக்க வாய்ப்பு உண்டு' என்று இருந்தது, கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. வேலைக்குச் சேர்ந்து 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம். அதில் ஒப்பந்த காலமும் வரும், ஆனால் நிரந்தரமாக்குவதைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் உண்டு. "கேட்டா கோவிச்சுக்குவாங்களோ?" என்றார். கேளுங்கள் என்றேன். சிஸ்டம் மாற்றி முடித்த பிறகு இந்தப் பதவிக்கு என்ன ஆகும், அதை எப்போது முடிவு செய்வீர்கள் என்று மெயில் போட்டார். ஒன்பதாவது மாதத்தில் பரிசீலனை செய்து எழுத்தில் தெரிவிப்போம் என்று ஒரு வரி சேர்த்து, புதுக் கடிதம் மறுநாள் வந்தது. உறுதி ஒன்றும் அதில் இல்லை, தேதி மட்டும் இருக்கிறது. அதைத் தெரிந்தே கையெழுத்துப் போட்டார்.